டாலர் கணக்கு நில்... ரூபாயில் மட்டும் 5,273 ஏன் நிற்குது?

கோவையில் ஒரு சின்ன டிசைன் நிறுவனம். பார்ட்னர்ஷிப் ஃபர்ம். அமெரிக்காவில் உள்ள ஒரு கிளையன்ட்டுக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அவர்களுக்கு முக்கிய வேலை. மே மாதம் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்தவர், மார்ச் 31 அன்று பாக்கியிருந்த பில்களுக்கெல்லாம் பணம் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த கிளையன்ட்டின் லெட்ஜரைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்மா, 5,000 டாலர் பில், 5,000 டாலரும் வந்துருச்சுன்னு போட்டிருக்கே. அப்புறம் ரூபாய்ல மட்டும் 5,273 எப்படி பாக்கி நிக்குது?"

"அது எக்ஸ்சேஞ்ச் லாஸ்தானுங்க சார். மொத்தமா எழுதித் தள்ளிரலாம்னு விட்டு வச்சிருந்தேன்" என்றார் கணக்கு எழுதும் பெண்.

ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனங்களில் தினமும் கேட்கிற பதில் இது. பாதி சரி. மீதிப் பாதியில்தான் நிறுவனத்தின் பணமும், எந்த வருடத்து லாபம் எவ்வளவு என்ற கணக்கும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பில் போட்ட அன்று

பிப்ரவரி 10-ம் தேதி 5,000 டாலருக்கு பில். அன்றைய ரேட் 86 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (இந்தக் கட்டுரையில் வரும் ரேட் எல்லாமே கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை). விற்பனை 4,30,000 ரூபாய். கிளையன்ட் தர வேண்டியதும் 4,30,000 ரூபாய்.

எந்த ரேட்டைப் போடுவது என்பதில்தான் முதல் குழப்பம் வரும். கூகுளில் தெரிகிற ரேட்டைப் பார்த்துப் போடுகிறவர்கள் நிறைய. அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும், பிறகு கேட்டால் ஆதாரம் காட்ட முடியாது. தினமும் எஃப்.பி.ஐ.எல் வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட்டை எடுத்துக்கொள்வது நல்லது. முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டதை 2018 ஜூலை முதல் இந்த அமைப்புதான் வெளியிடுகிறது. சேவைக்குப் பதில் சரக்கு ஏற்றுமதி என்றால், ஜிஎஸ்டி மதிப்புக்கு சுங்கத்துறை அறிவிக்கும் ரேட் வரும். எதை எடுத்தாலும் பில்லுக்கு பில் மாற்றாமல் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த 4,30,000 என்பது இனி அசையக் கூடாது. விற்பனை அவ்வளவுதான். ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஏற்றுமதியாகக் காட்டுவதும் அவ்வளவுதான். பிறகு டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அது விற்பனையின் கதை அல்ல, பணம் வசூலாகும் வரை காத்திருந்ததன் கதை.

மார்ச் 31 தாண்டும்போது

மார்ச் 31 வரை பணம் வரவில்லை. அன்றைய ரேட் 85 ரூபாய். நிறுவனத்துக்கு வர வேண்டியது இப்போதும் 5,000 டாலர்தான், ஆனால் அதன் மதிப்பு 4,25,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. கையில் வராத பணத்துக்கு நஷ்டம் எழுதுவதா என்று தோன்றும். எழுதத்தான் வேண்டும். ஏ.எஸ். 11 என்ற கணக்குத் தரநிலை, வெளிநாட்டு நாணயத்தில் வர வேண்டிய, தர வேண்டிய பாக்கிகளை வருடக் கடைசி நாள் ரேட்டுக்கு மாற்றிக் காட்டச் சொல்கிறது. ஆக, 5,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் நஷ்டம் அந்த மார்ச்சோடு முடியும் வருடத்தில் வந்துவிட வேண்டும்.

கோவை நிறுவனத்தில் இந்தப் பதிவே போடப்படவில்லை. ஆடிட்டர் முதலில் பிடித்தது இதைத்தான்.

பணம் வந்த அன்று

ஏப்ரல் 18. வங்கிக் கணக்கில் வரவான தொகை 4,24,726.79 ரூபாய். பில் தொகையிலிருந்து கழித்தால் 5,273.21 குறைகிறது. லெட்ஜரில் தொங்கியது இந்தத் தொகைதான்.

வங்கி அனுப்பும் ஃபாரின் இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸைப் பார்க்காமல் இந்தப் பதிவைப் போடவே கூடாது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். என்ன நடந்தது என்பது அட்வைஸில்தான் தெரியும். இந்த நிறுவனத்துக்கு வந்த அட்வைஸில் இப்படி இருந்தது: கிளையன்ட் அனுப்பியது 5,000 டாலர். இங்கே வந்து சேர்ந்தது 4,980 டாலர். வழியில் இருந்த வெளிநாட்டு வங்கி 20 டாலரைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. மாற்றிய ரேட் 85.50. அப்படியானால் ரூபாயில் 4,25,790. அதிலிருந்து நம் வங்கி 500 ரூபாய் கட்டணமும், அதற்கு 90 ரூபாய் ஜிஎஸ்டியும், கரன்சி மாற்றியதற்காக 473.21 ரூபாய் ஜிஎஸ்டியும் பிடித்திருக்கிறது.

அந்தக் கடைசித் தொகை பலருக்குப் புதிராக இருக்கும். டாலரை ரூபாயாக மாற்றுவதே ஜிஎஸ்டியில் ஒரு சேவை. மாற்றிய தொகையில் முதல் ஒரு லட்சத்துக்கு 1 சதவிகிதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை உள்ளதற்கு அரை சதவிகிதம் என்று சேவையின் மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்பின் மேல் 18 சதவிகிதம் வரி போடுவார்கள். இங்கே மதிப்பு 2,628.95 ரூபாய், வரி 473.21 ரூபாய்.

இப்போது அந்த 5,273.21 ரூபாயைப் பிரித்துப் பார்க்கலாம். ரேட் 86-லிருந்து 85.50 ஆனதால் 5,000 டாலருக்கு 2,500 ரூபாய். வெளிநாட்டு வங்கி எடுத்த 20 டாலர், 85.50 வீதம் 1,710 ரூபாய். நம் வங்கி பிடித்த மூன்றும் சேர்ந்து 1,063.21 ரூபாய். கூட்டினால் பைசா சுத்தமாக 5,273.21 வருகிறது. எக்ஸ்சேஞ்ச் நஷ்டம் என்று சொல்லத் தகுந்தது இதில் பாதிகூட இல்லை!

மொத்தத்தையும் 'எக்ஸ்சேஞ்ச் லாஸ்' தலைப்பில் தள்ளியிருந்தால் என்ன ஆகும்? வங்கி பிடித்த 563.21 ரூபாய் ஜிஎஸ்டி, இன்புட் கிரெடிட்டாக வர வேண்டியது, செலவில் கரைந்துபோகும். ஒரு பில்லுக்கு இது சின்னத் தொகை. மாதம் நாலைந்து பில் என்றால் வருடக் கடைசியில் ஒருவரின் சம்பளம் அளவுக்கு நிற்கும். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் வங்கியில் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த வரி உங்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் தெரியவே தெரியாது.

அந்த 20 டாலரும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். தனியாக எழுதினால்தான் முதலாளி கண்ணில் படும். பட்டால்தான் கிளையன்ட்டிடம், "பணம் அனுப்பும்போது கட்டணத்துக்கு `SHA` போடாமல் `OUR` என்று போடுங்கள்" எனக் கேட்கத் தோன்றும். `OUR` என்றால் வழிச் செலவு அனுப்புகிறவருடையது.

பதிவு எப்படி?

மார்ச் 31 பதிவைப் போட்ட பிறகு, கிளையன்ட் லெட்ஜரில் 5,000 டாலர், 4,25,000 ரூபாய் என்று நிற்கும். ஏப்ரல் 18 அன்று டாலியில் ரசீது போடும்போது கிளையன்ட் பெயரில் வரவு வைக்க வேண்டியது 4,980 அல்ல, முழு 5,000 டாலர். அவர் முழுதாக அனுப்பிவிட்டார் அல்லவா? தொகை இடத்தில் இப்படி டைப் செய்ய வேண்டும்:

```
$5000 @ 85.50
```

அது 4,27,500 ரூபாயாகும். எதிர்ப்பக்கம் வங்கிக்கு 4,24,726.79, வெளிநாட்டு வங்கிக் கட்டணம் 1,710, நம் வங்கிக் கட்டணம் 500, இன்புட் ஜிஎஸ்டி 563.21. இரண்டு பக்கமும் சமம். கிளையன்ட் லெட்ஜரில் டாலர் பூஜ்ஜியம் ஆகிவிடும். ரூபாயில் மட்டும் 2,500 அதிகமாக வரவு நிற்கும். புது வருடத்தின் எக்ஸ்சேஞ்ச் லாபம் அதுதான்.

நஷ்டம் என்று நினைத்தது லாபமாக வருகிறதே என்று திகைக்க வேண்டாம். பழைய வருடத்தில் 5,000 நஷ்டம், புது வருடத்தில் 2,500 லாபம், இரண்டும் சேர்ந்தால் அதே 2,500 நஷ்டம். கோவை நிறுவனம் போட நினைத்தபடி போட்டிருந்தால் பழைய வருட லாபம் 5,000 ரூபாய் கூடுதலாகக் காட்டப்பட்டு, அதற்கு வருமான வரியும் கட்டியிருப்பார்கள்.

தப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க பெரிய வித்தை எதுவும் வேண்டாம். டாலியில் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் `Unadjusted Forex Gain/Loss` என்று ஒரு வரி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், எங்கோ ஒரு லெட்ஜரில் ரேட் வித்தியாசம் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. ஜர்னல் வவுச்சரில் இதற்கென்றே ஒரு கிளாஸ் உருவாக்கி அதன் வழியாகச் சரி செய்யலாம். ஆனால், மேலே பார்த்த வங்கிக் கட்டணங்களைப் பிரித்த பிறகே அதைச் செய்ய வேண்டும். முதலில் செய்தால், மென்பொருள் எல்லாவற்றையும் ரேட் வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ளும். அதற்கு அட்வைஸைப் படிக்கத் தெரியாது.

இன்னொரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. பணம் வந்ததும் பழைய பில்லைத் திறந்து, 86-ஐ 85.50 என்று திருத்திவிடுவது. வித்தியாசம் மறைந்துவிடும், லெட்ஜர் அழகாக இருக்கும். ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் 4,30,000 என்று போயாயிற்று. புத்தகத்தில் 4,27,500. இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்போது, திருத்தியது யாருக்கும் நினைவிருக்காது.

முன்பணம் மட்டும் வேறு

கிளையன்ட் வேலைக்கு முன்பே பணம் அனுப்பினால் மார்ச் 31 விதி அப்படியே பொருந்தாது. 2,000 டாலர் முன்பணம் 85 ரூபாய் ரேட்டில் வந்தது, மார்ச் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த முன்பணத்தை நாம் டாலராகத் திருப்பித் தரப்போவதில்லை, வேலையாகத்தான் தரப்போகிறோம். அதனால் அதை வருடக் கடைசி ரேட்டுக்கு மாற்றுவதில்லை, வந்த ரேட்டிலேயே 1,70,000 ரூபாயாக விட்டுவிடுவார்கள். கிளையன்ட் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் கதை மாறும். அது டாலரில் தர வேண்டிய கடனாகிவிடுவதால், அன்று முதல் ரேட் ஏற்ற இறக்கம் மறுபடியும் கணக்குக்குள் வரும்.