அச்சகத்தை நிறுத்தினால் மட்டும் போதுமா?

பணவீக்கம் என்றவுடன், மைய வங்கி வட்டியை உயர்த்த வேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. மிதமான விலையேற்றத்திற்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால், மாதத்திற்கு 50 சதவீதத்திற்கும் மேல் விலைகள் ஏறும் மிகைப் பணவீக்கத்தை அம்மருந்து மட்டும் தீர்ப்பதில்லை. அரசின் வரவு செலவு சீராகாத வரையில் எந்தப் பணக்கட்டுப்பாடும் நிலைக்காது என்பதே என் கருத்து. தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் 1985ஆம் ஆண்டு அனுபவம் இதற்குத் தெளிவான சான்று.

1970களில் பொலிவிய அரசு வெளிநாட்டு வங்கிகளிடம் தாராளமாகக் கடன் வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் அந்தக் கடன் வரத்து நின்றது. பழைய கடனுக்கான வட்டியோ நிற்கவில்லை. செலவைக் குறைக்கவும் வரியைக் கூட்டவும் இயலாத அரசு, மைய வங்கியிடம் கைநீட்டியது. மைய வங்கி புதிய பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. விலைகள் ஏறத் தொடங்கின.

இங்கேதான் ஒரு நச்சுச் சுழல் உருவாகிறது. ஒருவர் அரசுக்கு 100 பெசோ வரி செலுத்த வேண்டும். அது கருவூலத்தை வந்தடைய இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று கொள்வோம். மாதந்தோறும் விலைகள் 50 சதவீதம் ஏறினால், வரி வந்து சேரும் நாளில் அந்த 100 பெசோவின் வாங்கும் திறன் ஏறத்தாழ 44 பெசோவாகச் சுருங்கிவிடும். வரி செலுத்துவோர் தாமதிக்கத் தாமதிக்க அவர்களுக்கு ஆதாயம், அரசுக்கு நட்டம். பொலிவியாவில் 1981இல் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 9 சதவீதமாக இருந்த வரி வருவாய், 1985இன் முற்பாதியில் 1 சதவீதத்தை ஒட்டிய அளவிற்கு வீழ்ந்தது. வருவாய் குறையக் குறைய அச்சடிப்பு கூடியது. அச்சடிப்பு கூடக் கூட வருவாய் மேலும் தேய்ந்தது.

இந்நிலையில் மைய வங்கி பணத்தை இறுக்கினால் மட்டும் என்னவாகும்? ஊழியர் ஊதியத்திற்கும் எரிபொருள் மானியத்திற்கும் அரசிடம் பணம் இராது. கடன் வாங்கினாலோ, உயர்ந்த வட்டி பற்றாக்குறையை மேலும் பெருக்கும். சில மாதங்களில் அச்சகம் மீண்டும் ஓடும் என்பதை மக்கள் முன்னரே ஊகித்து, கையிலுள்ள நோட்டுகளை அன்றே பொருளாக மாற்றிவிடுவர். ஊகமே விலையை ஏற்றிவிடும்.

1985 ஆகஸ்டில் பதவியேற்ற விக்டர் பாஸ் எஸ்தென்சோரோவின் அரசு, அம்மாத இறுதியிலேயே 21060ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. அதன் உயிர்நாடி எரிபொருள் விலை. அரசு எண்ணெய் நிறுவனம் அடிமாட்டு விலைக்கு விற்றுவந்த பெட்ரோலின் விலை ஏறத்தாழ பத்து மடங்கு உயர்த்தப்பட்டது. அந்நிறுவனம் வழியாகக் கருவூலத்திற்குப் பணம் உடனே, மதிப்புக் குன்றாமல் வந்தது. அரசு ஊழியர் ஊதியம் உறைய வைக்கப்பட்டது. வரவுக்கு மேல் செலவில்லை என்பது விதியாயிற்று. அந்நியச் செலாவணியின் அதிகார விலை கைவிடப்பட்டு, மைய வங்கியின் ஏலத்தில் விலை நிர்ணயிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே விலையேற்றம் நின்றது. அடுத்த ஆண்டு, மதிப்புக் கூட்டு வரியை உள்ளடக்கிய வரிச் சட்டம் வந்து, வருவாயை நிலைப்படுத்தியது.

எனினும், நிதிச் சீர்திருத்தம் மட்டுமே போதும் என்றும் சொல்ல இயலாது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. ஆண்டிறுதியில் செலவும் கடனும் தளர்ந்தன. 1986 ஜனவரியில் மாத விலையேற்றம் மீண்டும் 30 சதவீதத்தைத் தாண்டியது. அரசும் மைய வங்கியும் ஒருசேரப் பிடியை இறுக்கிய பின்னரே விலைகள் அடங்கின. பற்றாக்குறை அடைக்கப்படுவது பணக்கட்டுப்பாட்டைச் சாத்தியமாக்குகிறது; பணக்கட்டுப்பாடே அந்தச் சாத்தியத்தை நடைமுறையாக்குகிறது.

இதற்கான விலையையும் மறைக்கலாகாது. அரசுச் சுரங்க நிறுவனத்தில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட கணக்கை ஒரே நாளில் தீர்க்க நேர்ந்ததால், சுமை எளியோர் மீதே கனமாக விழுந்தது. சீர்திருத்தம் தவறு என்பதற்கு அன்று, தாமதம் தவறு என்பதற்கே இதை நான் சான்றாகக் கொள்கிறேன்.

இந்தியா மிகைப் பணவீக்கத்தைக் கண்டதில்லை. எனினும், மைய அரசின் பற்றாக்குறையை ரிசர்வ் வங்கி தானாகவே நிரப்பும் தற்காலிகக் கருவூல உண்டியல் முறை 1997இல்தான் கைவிடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை மேலும் வலுப்படுத்தியது. வைப்புத்தொகையின் மதிப்பைக் காப்பது வட்டி விகிதம் மட்டுமன்று என்பதை வாடிக்கையாளர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பைக் கவனிக்கும் அதே கண்ணால், வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறையைக் காட்டும் வரியையும் படிப்பது நல்லது.