வராத டிக்கெட்டுக்கு வாக்குறுதி

கஸ்டமர் சப்போர்ட் டீம்கள் கான்பன் போர்டைக் கழற்றிவிட்டு இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு மாற வேண்டும் என்று நண்பர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிப் பார்த்தால் மூன்று வாதங்கள் தேறுகின்றன. கான்பனில் யாரும் எதற்கும் வாக்குக் கொடுப்பதில்லை, ஸ்க்ரமில்தான் டீம் கட்டுப்பட்டு வேலை செய்கிறது என்பது ஒன்று. வெலாசிட்டி இல்லாவிட்டால் மேனேஜரால் எதையும் அளக்க முடியாது என்பது இன்னொன்று. கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தால் வாடிக்கையாளர் வாசலில் நிற்பார், வரிசை குறையாது, இடம்தான் மாறும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில் மட்டும் சரக்கு இருக்கிறது. மற்ற இரண்டையும் முதலில் ஓரம் கட்டிவிடுகிறேன்.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டை நண்பர் புரட்டியாவது பார்த்திருக்கலாம். சின்னப் புத்தகம்தான், ஒரு மாலைப் பொழுது போதும். ஒரு ஸ்பிரிண்டுக்கு எடுத்துக்கொள்ளும் வேலைப் பட்டியலை டீமின் வாக்குறுதியாகக் கருதுவதை 2011 பதிப்பிலேயே விட்டுவிட்டார்கள். அது வெறும் கணிப்பு என்றார்கள். 2020 பதிப்பில் அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை டீம் கட்டுப்படுவது ஸ்பிரிண்டின் இலக்குக்குத்தான். அந்த இலக்கைக் குலைக்கும் எந்த மாற்றத்தையும் ஸ்பிரிண்ட் நடுவே செய்யக்கூடாது என்பதும் அதே கையேட்டில்தான் இருக்கிறது. வெலாசிட்டியும் ஸ்டோரி பாயின்டும் அந்தப் பதிப்பில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. ஆக, நண்பர் கட்டிக் காக்க வந்த அளவுகோல் ஸ்க்ரமின் சொத்தே இல்லை.

சரி, இலக்கு என்கிறார்களே, சப்போர்ட் டீமுக்கு அது எதுவாக இருக்கும்? கோவையில் பில்லிங் மென்பொருள் ஒன்றுக்கு இரண்டாம் கட்ட சப்போர்ட் பார்க்கும் ஆறு பேர் கொண்ட ஒரு டீமை எடுத்துக்கொள்வோம். மாதம் பிறந்து 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. 18-ஆம் தேதியிலிருந்தே கடைக்காரர்களும் ஆடிட்டர் ஆபீஸ்களும் போன் மேல் போன் போடுவார்கள். இன்வாய்ஸ் அப்லோட் ஆகவில்லை, வரித் தொகை ஒத்துப்போகவில்லை, ஜேசன் ஃபைலை போர்ட்டல் ஏற்க மறுக்கிறது என்று விதவிதமாக வரும். 9-ஆம் தேதி திங்கட்கிழமை உட்கார்ந்து இரண்டு வாரத்துக்குத் திட்டம் போட்டால் இதில் எந்த டிக்கெட் அந்தப் பட்டியலில் இருக்கும்? ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அவை இன்னும் பிறக்கவே இல்லை. பந்திக்கு யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே ஒவ்வொரு இலைக்கும் பெயர் எழுதி வைக்கச் சொல்கிறார் நண்பர்.

இதற்கும் அவரிடம் மருந்து இருக்கிறது: திட்டமிடாத வேலைக்கென்று ஸ்பிரிண்டில் 60 சதவீதத்தை ஒதுக்கி வைக்கலாமாம். அப்படியானால் திட்டமிடுவது மீதி 40 சதவீதத்தைத்தான். ஒரு மாத ஸ்பிரிண்டின் திட்டக் கூட்டத்துக்கு ஸ்க்ரம் கையேடு வைக்கும் உச்ச வரம்பு எட்டு மணி நேரம். இரண்டு வாரத்துக்கு அதில் பாதி என்று வைத்தாலும் ஆறு பேர் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் 24 மணி நேர உழைப்பு. வேலையில் சிறு பாதியைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துபோக இவ்வளவு செலவு. பெரும்பாதி எப்படி நகர்கிறது என்பதற்கு அவருடைய முறையில் ஒரு விதியும் இல்லை.

மதிப்பீட்டுக்கு ஆகும் செலவை லேசாக எண்ணுகிறவர்கள் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கார் தொழிற்சாலை முறை மென்பொருளுக்கு ஒத்துவராது என்று நண்பர் ஒரு வரி எழுதியிருப்பதற்கும் அதுவே பதில். டொயோட்டாவின் கான்பனை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்தவராக அறியப்படும் டேவிட் ஆண்டர்சன் அடிக்கடி எடுத்துச் சொல்லும் முதல் உதாரணம் மைக்ரோசாஃப்டின் உள்பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த ஒரு டீம். ஆட்கள் இருந்தது ஹைதராபாத்தில். 2004-இல் அதன் பொறுப்பு டிராகோஷ் டுமிட்ரியுவிடம் வந்தபோது, ஒரு கோரிக்கை முடிய ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகிக்கொண்டிருந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரண்டு நாளுக்குள் உத்தேச மதிப்பீடு தர வேண்டும் என்பது விதி. டீமின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிலேயே கரைந்தது. மதிப்பிட்டவற்றில் பலவற்றை யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. டுமிட்ரியுவும் ஆண்டர்சனும் மதிப்பீட்டை நிறுத்தினார்கள், டெவலப்பர் கையிலும் டெஸ்டர் கையிலும் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள், இடம் காலியானால் மட்டும் அடுத்ததை எடுத்தார்கள். பிந்தைய கட்டத்தில் ஓரிரு ஆட்கள் சேர்க்கப்பட்டதும் உண்மை. ஆனால் கோடு எழுதும் விதமோ சோதிக்கும் விதமோ மாறவில்லை. ஒன்பது மாதத்தில் ஐந்து மாதக் காத்திருப்பு இரண்டு வாரத்துக்கு இறங்கியது. இது நடந்தது பராமரிப்பு வேலையில், நண்பர் பேசும் சப்போர்ட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தத்தில்.

இப்போது அவருடைய நல்ல வாதத்துக்கு வருகிறேன். வரம்பு வைத்தால் வரிசையின் இடம்தான் மாறும் என்கிறார். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் மொத்த எண்ணிக்கையைத் தினசரி முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்று முடியச் சராசரியாக ஆகும் நாள் கிடைக்கும். வரத்தும் முடிவும் ஓரளவு சமமாக ஓடினால் இது பொருந்தும். கோவை டீம் ஒரு நாளில் 12 டிக்கெட் முடிக்கிறது, கையில் திறந்து கிடப்பவை 72 என்று வைப்போம். ஆளுக்குப் பன்னிரண்டு. ஒரு டிக்கெட் முடிய ஆறு நாள். இனி ஆளுக்கு மூன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வரம்பு வைக்கிறோம். கையில் 18, அதற்கு ஒன்றரை நாள். வெளியே 54, அதற்கு நாலரை நாள். கூட்டினால் அதே ஆறு! நண்பர் இங்கே பேனாவை மூடிவிட்டுச் சிரிக்கிறார். முதல் நாள் கணக்கு அவருக்குச் சாதகம்தான். இரண்டாம் நாள் என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டு டிக்கெட்டைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர், மூன்று நாள் கழித்து ஒன்றுக்குத் திரும்பும்போது மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் மறுபடி படிக்கிறார். லாக் ஃபைலை மறுபடி இறக்குகிறார். எங்கே விட்டோம் என்று தேடுகிறார். அதற்குள் அந்த ஆடிட்டர் ஆபீஸிலிருந்து, என்ன ஆச்சு சார் என்று ஒரு மெயில், ஒரு போன், கூடவே அதே பிரச்சினைக்குப் புதிதாக இன்னொரு டிக்கெட். தாமதமே வேலையைக் குட்டி போட வைக்கிறது. ஆளுக்கு மூன்று என்றால் இந்த மறுபடிப்பு பெரும்பாலும் போய்விடும், நினைவூட்டல் டிக்கெட்டுகளும் மெல்லக் குறையும். 12 என்பது 14 ஆனால் போதும். வரத்து 12-லேயே நின்றால் வெளியே நிற்கும் 54-உம் 27 வேலை நாளில் கரைந்துவிடும்.

அதோடு, வெளியே நிற்பதை இன்னும் யாரும் தொடவில்லை என்பதே ஒரு வசதி. 19-ஆம் தேதி மாலை ஒரு ஜிஎஸ்டி டிக்கெட் வந்தால் அதை வரிசையின் முன்னால் வைக்கலாம், அடுத்துக் கை காலியாகும் ஆள் எடுப்பார். பழைய முறையில் அது யாரோ ஒருவருடைய பதின்மூன்றாவது டிக்கெட். வாசலில் நிறுத்துகிறோம் என்பதும் பொய். டிக்கெட் வந்து சேர்ந்தது, எப்போது பார்ப்போம் என்ற முதல் பதிலுக்கு யாரும் வரம்பு வைப்பதில்லை. வேலையைத் தொடங்குவதற்குத்தான் வரம்பு.

ஆனால் வரம்பால் ஆகாததும் உண்டு. தினமும் 15 வந்து 12 முடிந்தால் எந்த போர்டும் காப்பாற்றாது. வரிசை நீண்டுகொண்டே போகும். ஆள் சேர்க்க வேண்டும், அல்லது அந்த டிக்கெட்டுகளைப் பிறப்பிக்கும் பிழையைத் திருத்த வேண்டும். கான்பன் அதை மறைக்காமல் காட்டும், அவ்வளவுதான்.

நண்பர் உண்மையிலேயே கான்பனைத் தாக்க விரும்பியிருந்தால் அடித்திருக்க வேண்டிய இடம் வேறு. நானே காட்டிக்கொடுக்கிறேன்: 'வாடிக்கையாளர் பதிலுக்காக' என்ற கட்டம். பெரும்பாலான டீம்களில் இந்தக் கட்டத்துக்கு வரம்பு கிடையாது, டிக்கெட் அங்கே போனதும் எஸ்எல்ஏ கடிகாரமும் நின்றுவிடும். ஆகவே மூன்று என்ற வரம்பு நெருக்கும்போது கையில் இருக்கும் கஷ்டமான டிக்கெட்டுக்கு ஒரு கேள்வியை அனுப்பி அந்தப் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம். எந்த வெர்ஷன் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் முதல் மெயிலிலேயே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் வெர்ஷன் எண் பளிச்சென்று இருக்கும். போர்டு சுத்தமாகத் தெரியும், அறிக்கை பச்சையாக இருக்கும், கடைக்காரர் கொதித்துக்கொண்டிருப்பார்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்தக் கட்டத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் போய் வந்த டிக்கெட்டுகளைப் பிரித்து எடுத்து, கேட்ட கேள்விக்குப் பதில் ஏற்கனவே உள்ளே இருந்ததா என்று பத்தைப் படித்தால் தெரிந்துவிடும். மருந்தும் உண்டு. ஆளுக்கான மூன்றில் அந்தக் கட்டத்தில் நிற்பதையும் சேர்த்து எண்ணலாம். ஆனால் வாடிக்கையாளர் ஊருக்குப் போய்விட்டால் நம் ஆள் சும்மா உட்கார வேண்டிவரும். அதைவிட, அங்கே இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் டிக்கெட்டைக் காலைக் கூட்டத்தில் முதலில் பேசுவது என்று வயதுக்கு வரம்பு வைப்பது மேல். வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கம் நகர்ந்து போர்டைப் படித்தால் முடியப்போகும் வேலை முதலில் பேசப்படும். நேற்று என்ன செய்தாய் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு போகும் கூட்டத்தில் இது நடக்காது. ஸ்பிரிண்ட் வைத்தால் இந்தத் தள்ளிவிடும் வித்தை ஒழியுமா? ஸ்பிரிண்ட் முடியும் வெள்ளிக்கிழமை மதியம் அது இன்னும் தாராளமாக நடக்கும்.

அளவுகோல் இல்லை என்ற புலம்பலுக்கும் ஒரு வார்த்தை. பாயின்ட் போட்டு அளக்கும் டீமில், லாகின் ஆகவில்லை என்ற டிக்கெட்டுக்கு ஒரு பாயின்ட் போடுவார்கள். பிறகு பார்த்தால் சர்வர் சான்றிதழ் காலாவதியாகி நூறு கடைகள் முடங்கியிருக்கும். என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலையாக இருக்கும் இடத்தில் முன்கூட்டி அளவு சொல்வதற்கு என்ன அர்த்தம்? வாடிக்கையாளருக்கும் பாயின்ட் வேண்டாம். நம்மிடம் வருவதில் நூற்றுக்கு 85 டிக்கெட் நான்கு நாளுக்குள் முடிகிறது என்று பழைய கணக்கை வைத்துச் சொன்னால் அவருக்குப் புரியும், மேனேஜருக்கும் புரியும்.

சப்போர்ட் டீம் ஏதோ ஒரு மாதம் உதவிக் கட்டுரைகளைத் திருத்தி எழுத உட்கார்ந்தால் அதற்கு ஸ்பிரிண்ட் வைத்துக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அது திட்டமிடக்கூடிய வேலை.

மற்றபடி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவர் ஆலோசனை சொல்லும் ஏதாவதொரு சப்போர்ட் டீமின் போன மாத டிக்கெட்டுகளை எக்செலில் இறக்கி, திறந்த தேதி, மூடிய தேதி என்ற இரண்டு பத்திகளை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஸ்பிரிண்ட் தொடங்கிய திங்கட்கிழமை காலைக்குப் பிறகு திறந்து, அதே ஸ்பிரிண்ட் முடிவதற்குள் மூடியவை எத்தனை என்று எண்ணட்டும். அந்த எண்ணைத் தன் அடுத்த கட்டுரையின் முதல் வரியில் போட்டுவிட்டு, பிறகு வாதத்தைத் தொடரட்டும்.