பண்டாரவாடைக்கு முன்னாடியே பழத்தை உரிச்சிடணும்

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். கமல் படத்துல வர்ற பாபநாசம் இல்ல, அது திருநெல்வேலி பக்கம். இது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கற பாபநாசம். சுத்தி நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப் தஞ்சாவூர்ல கிடைச்சதால தினமும் ட்ரெயின்ல போயிட்டு வரேன். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை, ஒரு மணி. அஞ்சே காலுக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பி, ஆறரை வாக்குல ஊர் வந்து இறங்கி, ஏழு மணிக்கு ஜிம்ல முதல் கனமான செட். மதியச் சாப்பாட்டுக்கும் அந்த செட்டுக்கும் நடுவுல ஆறு மணி நேரம். இந்தக் கட்டுரை அந்த ஆறு மணி நேரத்தைப் பத்தினது.

எங்க செட்ல பாதிப் பேர் இப்படித்தான் வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் ஜிம்முக்கு வராங்க. என்ன சாப்பிடறதுன்னு கேட்டா எல்லாரும் "ஹெல்த்தியா என்ன இருக்கு"ன்னு யோசிக்கறாங்க. என் கருத்து, அந்தக் கேள்வியே தப்பு. இன்னும் எத்தனை நிமிஷத்துல வெயிட் தூக்கப் போறோம்னு முதல்ல கேக்கணும். அதுக்குப் பதில் தெரிஞ்சா என்ன சாப்பிடறது, எவ்வளவு சாப்பிடறதுங்கறது தானா வந்துடும்.

இது எனக்கு ரெண்டு தடவை அடிபட்டுத்தான் புரிஞ்சுது. முதல் வாரம் ஸ்டேஷன் வாசல்ல சூடா ரெண்டு பருப்பு வடை, ஒரு டீ. அப்ப மணி ஆறரை. ஏழு மணிக்கு ஸ்குவாட். மூணாவது செட்ல கீழ உக்காந்தப்போ வடை மேல வந்துடுச்சு. வாந்தி இல்ல, ஆனா தொண்டையில எண்ணெய் ஏப்பம், நெஞ்செரிச்சல், இடுப்புல பெல்ட் கட்டவே முடியல. வடை மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கொழுப்பு வயித்துல இருந்து குடலுக்கு இறங்க நேரம் ஆகும், அவ்வளவுதான். எண்ணெயில பொரிச்சது அரை மணியில இறங்காது. அது இன்னும் வயித்துல இருக்கும்போதே மூச்சைப் பிடிச்சு அடிவயித்தை இறுக்கினா, மேல வராம எங்க போகும்? பஜ்ஜி, சமோசா, நெய் வழியற திருவையாறு அசோகா எல்லாத்துக்கும் இதே கதைதான். ஜிம் முடிச்சிட்டு சாப்பிடுங்க, யாரும் தடுக்கல.

ரெண்டாவது வாரம் ரோஷத்துல ஒண்ணுமே சாப்பிடாம போனேன். டெட்லிஃப்ட் நாள். ரெண்டாவது செட் முடிச்சு நிமிர்ந்தப்போ கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது, கை நடுங்குச்சு, குளிர்ந்த வேர்வை. சுவரோரமா உக்காந்துட்டேன். மதியத்துக்கு அப்புறம் தண்ணியும் சரியா குடிக்கலன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துது. ஆக, ரெண்டு அறிகுறியையும் குழப்பிக்கக் கூடாது. வயித்துல பாரம், ஏப்பம், பக்கவாட்டுல பிடிச்சுக்கறது எல்லாம் வந்தா, சாப்பிட்டது அதிகம் இல்லன்னா லேட். தலை லேசாகறது, நடுக்கம், திடீர்னு சோர்வு வந்தா, வயிறு காலி இல்லன்னா தண்ணி பத்தல.

இப்போ கணக்கு. விளையாட்டு ஊட்டச்சத்துக்காரங்க சொல்ற பொது அளவு இது: பயிற்சிக்கு ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரம் முன்னாடி, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு ஒண்ணுலேருந்து நாலு கிராம் மாவுச்சத்து. நேரம் கம்மியா இருந்தா அளவும் கம்மி. ஆனா அது ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடற, சைக்கிள் மிதிக்கற ஆளுங்களை மனசுல வெச்சுச் சொன்னது. நாம அம்பது நிமிஷம் வெயிட் தூக்கிட்டு, அதுல இருபது நிமிஷம் போனைப் பாக்கற ஆளுங்க. அதுல பாதி நமக்குத் தாராளம். என் எடை 64 கிலோ. கிலோவுக்கு அரை கிராம்னா சுமார் 30 கிராம் மாவுச்சத்து. இந்த 30ங்கற நம்பரை மட்டும் ஞாபகம் வெச்சா போதும்.

இந்த 30 கிராமை ரெண்டு விதமா எடுக்கறேன். ஆபீஸ்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி நேரம் கிடைச்சா அவல். காலையிலயே டப்பாவுல மெல்லிசு அவல் ரெண்டு கைப்பிடி போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன். அம்மாவோட தராசுல வெச்சுப் பாத்தேன், 40 கிராம் இருந்துது. அதுலயே கிட்டத்தட்ட 30 கிராம் மாவுச்சத்து வந்துடும். அஞ்சு மணிக்குத் தண்ணி தெளிச்சு, கொஞ்சம் வெல்லம். மெல்லிசு அவல் அஞ்சு நிமிஷத்துல ஊறிடும், கெட்டி அவல்னா இன்னும் நேரம் ஆகும். அஞ்சு மணிக்கு சாப்பிட்டா ஏழு மணிக்குள்ள ரெண்டு மணி நேரம் கிடைக்குது, வயிறு லேசாகிடும். வேர்க்கடலையும் தேங்காயும் அள்ளிப் போட்டா மறுபடியும் கொழுப்பு ஏறும், அந்த ரெண்டு மணி நேரம் பத்தாது.

அஞ்சு மணிக்கு மீட்டிங்ல மாட்டிக்கிட்டா வாழைப்பழம். நம்ம பக்கத்துப் பூவன் சின்னப் பழம், ஒண்ணுல சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். ரெண்டு பழம் போதும். பெரிய பச்சை வாழைப்பழம்னா ஒண்ணே ஒண்ணு. பழத்தோட பக்குவமும் முக்கியம். காயா இருக்கும்போது உள்ள பெரும்பாலும் ஸ்டார்ச்தான், அதுல ஒரு பங்கு சீக்கிரம் செரிக்காது. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையா மாறுது. தோல் நல்லா மஞ்சளாகி அங்கங்க பொட்டு விழுந்த பழம்தான் இந்த வேலைக்குச் சரி. கடையில அதைத்தான் ஒதுக்கி வெச்சிருப்பாங்க, கேட்டு வாங்குங்க. அம்மாவுக்கு ஆச்சரியம், "நீயா பொட்டு விழுந்த பழம் கேக்கற?"ன்னு.

ட்ரெயின்ல எனக்கு ஸ்டேஷன்தான் கடிகாரம். தஞ்சாவூர்ல ஏறினா திட்டை, பசுபதிகோவில், ஐயம்பேட்டை, பண்டாரவாடை, அப்புறம் நம்ம ஊர். ஐயம்பேட்டை வரும்போது முதல் பழம், பண்டாரவாடைக்கு முன்னாடி ரெண்டாவது. இறங்கி, வீட்டுக்குப் போய் டிரஸ் மாத்தி, ஜிம் போய் வார்ம்-அப் முடிக்க முப்பது நாப்பது நிமிஷம் ஆயிடும். அதுக்குள்ள பழம் வேலையை ஆரம்பிச்சிருக்கும். ட்ரெயின் லேட்டாகி பாபநாசத்துல இறங்கும்போதே ஏழு மணின்னா நான் ஒரே ஒரு பழத்தோட நிறுத்திக்கறேன். லேட் ஆனதுக்காக அளவைக் கூட்டறதுதான் நிறையப் பேர் பண்ற தப்பு.

சிலருக்கு ஒரு வினோதம் நடக்கும். இனிப்பா சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழிச்சு பயிற்சி ஆரம்பிச்சா முதல் பத்து நிமிஷம் ஒரு மாதிரி நடுக்கமா இருக்கும். இனிப்புக்காக இன்சுலின் ஏறியிருக்கும், அதே நேரத்துல தசையும் சர்க்கரையை இழுக்க ஆரம்பிக்கும், ரெண்டும் சேர்ந்து ரத்தச் சர்க்கரை கொஞ்ச நேரம் இறங்கிடும். பெரும்பாலானவங்களுக்கு இது தெரியவே தெரியாது, தெரிஞ்சாலும் தானா சரியாகிடும். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வருதுன்னா நேரத்தை மாத்துங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னாடி சாப்பிடுங்க, இல்லன்னா வார்ம்-அப் ஆரம்பிக்கும்போது பழத்தைக் கடிங்க. (வீட்டுல அப்பா சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தா அவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்காதீங்க. அவருக்குக் கணக்கே வேற, அது டாக்டர் போட வேண்டியது.)

சுண்டலைப் பத்திக் கேப்பீங்க. "புரோட்டீன் இருக்கே?" இருக்கு. கூடவே நார்ச்சத்தும், குடல்ல காத்தை உண்டு பண்ற சில சர்க்கரைகளும் இருக்கு. ஸ்குவாட் ரேக் பக்கத்துல நிக்கறவங்க மேல கொஞ்சம் கருணை காட்டுங்க. புரோட்டீன்ல முக்கியம் ஒரு நாள் மொத்தத்துல எவ்வளவு வந்துதுங்கறதுதான். ஒன்பது மணிக்கு வீட்டுல முட்டையோ, மீனோ, அந்தச் சுண்டலோ சாப்பிட்டுக்கலாம்.

அப்புறம் அந்த டப்பா பவுடர். ஹாஸ்டல் மக்கள் என்னோட சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் ஒரு ஸ்கூப்ல 150லேருந்து 300 மில்லிகிராம் காஃபின் சாதாரணமா இருக்கும். காஃபின் வேலை செய்யும், அதை மறுக்கல. ஆனா அதுல பாதி உடம்பை விட்டுப் போக சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் குடிச்சா பதினொன்றரைக்கு இன்னும் பாதி உள்ளயே இருக்கு. 2013ல வந்த ஒரு ஆய்வுல, படுக்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவங்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுது. காலையில ட்ரெயினைப் பிடிக்க ஆறு மணிக்கு எந்திரிக்கறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். தூக்கம் கெட்டு, மறுநாள் சாயங்காலம் சோர்ந்து போய், அதுக்கு இன்னொரு ஸ்கூப்புன்னு ஓடுது. உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஊர்றதைப் பாத்து "ஏறுதுடா"ன்னு சொல்றாங்களே, அது பீட்டா-அலனின். அந்த ஊறல் அன்னைக்குக் கிடைச்ச சக்தியோட அடையாளம் இல்ல. அது தினமும் எடுத்து வாரக்கணக்குல தசையில சேர்ந்தாத்தான் கொஞ்சம் உதவும். கும்பகோணம் டிகிரி காபிப் பிரியனா நான் இதைச் சொல்றது எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா வேலை நாள்ல மூணு மணிக்கு மேல காபி தொடறதில்ல.

ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். ரெண்டு வாழைப்பழம் உங்க பெஞ்ச் பிரஸ்ல அஞ்சு கிலோ ஏத்தாது. தசையில இருக்கற கிளைகோஜன் பெரும்பாலும் நேத்து ராத்திரியும் இன்னைக்கு மதியமும் சாப்பிட்ட சோத்துல இருந்து வந்தது. டெல்டாக்காரனுக்கு அதுல குறை இருக்காது. சாயங்காலச் சிற்றுண்டி பண்றது, நீண்ட இடைவெளிக்கு அப்புறம் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கறதும், பசியால கவனம் சிதறாம பாத்துக்கறதும்தான். அதனால ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கறிச்சோறு சாப்பிட்டு ஆறரைக்கு ஜிம் போனா எனக்கு ஒண்ணும் வேண்டாம், தண்ணி மட்டும் போதும்.

அதே மாதிரி எல்லாச் சோர்வும் பசி இல்ல. எட்டு மணி நேரம் ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்துட்டு வர்ற சோர்வு வேற ரகம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பத்து நிமிஷம் வார்ம்-அப் பண்ணிப் பாருங்க. உடம்பு தெளிஞ்சா அது ஆபீஸ் சோர்வு. பத்து நிமிஷம் கழிச்சும் கால் தள்ளாடுச்சுன்னா ஒரு பழம் சாப்பிட்டு வெயிட்டைக் குறைங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க.

தண்ணிக்கு என் வழக்கம், ட்ரெயின்ல அரை லிட்டர், ஒரே மூச்சுல இல்லாம கொஞ்சம் கொஞ்சமா. சித்திரை, வைகாசி வெயில்ல அதுல பாதி உப்புப் போட்ட நீர்மோர். போன வாரம் புதுசா சேர்ந்த ஜூனியர் ஒருத்தன் என்னோட அதே பெட்டியில வந்தான். கையில ஒரு ஷேக்கர், பைக்குள்ள பவுடர் டப்பா. ஐயம்பேட்டை தாண்டும்போது ஒரு பழத்தை நீட்டினேன். "அண்ணா, இது ப்ரீ-ஒர்க்அவுட்டா?"ன்னு சிரிச்சான். சிரிச்சிட்டே சாப்பிட்டுட்டான். ஷேக்கரை அன்னைக்குத் திறக்கல. நேத்து அவனே ரெண்டு பூவன் கொண்டு வந்திருந்தான், ரெண்டும் காய். இன்னும் ரெண்டு நாள் அரிசிப் பானையில போட்டு வைடான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.