130 ரூபாய் டிபன்... 234 ரூபாய் பில்!

இரண்டு இட்லி 50 ரூபாய், ஒரு பிளேட் வெண்பொங்கல் 80 ரூபாய். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் ஒருவர், காலை டிபனுக்கு ஆப்பில் இவ்வளவுதான் ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 130 ரூபாய். ஆனால், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 234 ரூபாய் 20 காசு என்று காட்டுகிறது. நடுவில் சேர்ந்த 104 ரூபாய் எங்கே போகிறது?

பில்லில் மொத்தத் தொகையைத் தொட்டால் முழு விவரமும் விரியும். முதலில் பேக்கிங் சார்ஜ். இதை நிர்ணயிப்பது ஹோட்டல். பணமும் ஹோட்டலுக்கே போகும். ஒரு அயிட்டத்துக்கு 10 ரூபாய் வீதம் 20 ரூபாய். சாப்பாட்டுக்கும் பேக்கிங்குக்கும் சேர்த்து 5% ஜி.எஸ்.டி 7.50 ரூபாய். ஆக, ஹோட்டல் கணக்கு 157.50 ரூபாயில் முடிந்துவிடுகிறது.

மீதி மூன்றும் டெலிவரி நிறுவனம் வசூலிப்பவை. பிளாட்ஃபார்ம் கட்டணம் 15 ரூபாய், டெலிவரி கட்டணம் 30 ரூபாய், ஆர்டர் தொகை குறைவாக இருப்பதற்கான 'ஸ்மால் ஆர்டர்' கட்டணம் 20 ரூபாய். இந்த 65 ரூபாய்க்கு 18% ஜி.எஸ்.டி 11.70 ரூபாய். டெலிவரி கட்டணத்துக்கு இந்த 18% வரி வந்தது 2025 செப்டம்பர் 22 முதல். ஊர், தூரம், நேரத்தைப் பொறுத்து இந்தத் தொகைகள் மாறலாம். பில்லின் அமைப்பு இதுதான்.

இவற்றில் பிளாட்ஃபார்ம் கட்டணம்தான் புதுசு. 2023-ல் ஸ்விக்கியும் ஸொமேட்டோவும் 2 ரூபாயில் ஆரம்பித்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அது 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. 130 ரூபாய்க்கு வாங்கினாலும் 1,300 ரூபாய்க்கு வாங்கினாலும் இது ஒரே தொகைதான். அதனால், தனி ஆளாகக் கொஞ்சமாக வாங்குபவருக்கே சுமை அதிகம். டெலிவரி கட்டணம் அப்படியே டெலிவரி செய்பவர் கைக்குப் போவதாக நினைப்பதும் தவறு. அவருக்கான தொகையை நிறுவனம் தனியாகக் கணக்கிடுகிறது. 'ஃப்ரீ டெலிவரி' என்று வந்தாலும் அவருக்குக் கூலி உண்டு.

'ஸ்மால் ஆர்டர் கட்டணத்தைத் தவிர்க்க இன்னொரு அயிட்டம் சேருங்கள்' என்று ஆப் சொல்லும். 70 ரூபாய் தோசை ஒன்றைச் சேர்த்தால் அந்தக் கட்டணமும் அதன் வரியுமாக 23.60 ரூபாய் மிச்சம். ஆனால் தோசை, அதன் பேக்கிங், வரி எல்லாம் சேர்த்து 84 ரூபாய் கூடும். கையிலிருந்து 60.40 ரூபாய் கூடுதலாகப் போகும். தோசையைச் சாப்பிடும் பசி இருந்தால் சரி; கட்டணத்துக்குப் பயந்து சேர்த்தால் நஷ்டம்தான்.

உண்மையிலேயே மிச்சமாவது, சேர்ந்து வாங்கும்போது. அறைத்தோழியும் அதே டிபனைத் தனியாக ஆர்டர் செய்தால் இருவருக்கும் சேர்த்து 468.40 ரூபாய். இரண்டையும் ஒரே ஆர்டராகப் போட்டால் ஸ்மால் ஆர்டர் கட்டணம் போய்விடும். பிளாட்ஃபார்ம், டெலிவரி கட்டணங்கள் ஒருமுறைதான். மொத்தம் 368.10 ரூபாய். சுமார் 100 ரூபாய் மிச்சம். பேக்கிங் மட்டும் அயிட்டம் கணக்கில் இருப்பதால் குறையாது.

மாதச் சந்தா கட்டினால் எல்லாம் இலவசம் என்று நம்பிவிட வேண்டாம். அது பெரும்பாலும் டெலிவரி கட்டணத்தை மட்டுமே நீக்கும். அதற்கும் குறைந்தபட்ச ஆர்டர் தொகை இருக்கும். நம் கதையில் வரும் 130 ரூபாய் ஆர்டர் அந்த வரம்புக்குள்ளேயே வராமல் போகலாம். சேருவதற்கு முன், வழக்கமாக எவ்வளவுக்கு ஆர்டர் செய்கிறோம் என்று பழைய பில்களைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ஹோட்டல் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால், கடையின் விலைப்பட்டியலையும் ஒருமுறை பார்க்கலாம். நிறுவனத்துக்குக் கமிஷன் தரவேண்டியிருப்பதால், சில ஹோட்டல்கள் ஆப்பில் விலையைக் கூட்டி வைத்திருக்கும். அந்த வித்தியாசம் எந்தக் கட்டணத்தின் பெயரிலும் பில்லில் தெரியாது.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிப்ஸ், நன்கொடை போன்றவை கேட்காமலே டிக் ஆகியிருக்கின்றனவா? வாடிக்கையாளரின் சம்மதமின்றி இப்படித் தொகை சேர்ப்பதையும், ஆரம்பத்தில் ஒரு விலை காட்டிக் கடைசியில் கூட்டுவதையும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. அப்படி நடந்தால் பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஆப்பின் உதவிப் பகுதியில் புகார் செய்யலாம். சரியான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.