காம்பையும் சேர்த்து அளந்த பாலிப்

சென்ற மாதம் எங்கள் அறையில் ஒரு பயிற்சி மருத்துவர் எழுதி வைத்திருந்த சி.டி. கோலனோகிராபி ரிப்போர்ட்டில் இரண்டு பாலிப்புகள் இருந்தன: சிக்மாய்டில் 12 மி.மீ., சீக்கத்தில் 7 மி.மீ. அறிகுறி ஏதுமில்லாமல் ஸ்கிரீனிங்குக்கு வந்த 56 வயதுக்காரர். ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால், பாலிப்பை எடுக்க நேரே கொலோனோஸ்கோபிக்குப் போயிருப்பார்.

படத்தைத் திறந்தேன். அளவுக்கோடு காம்பின் அடியில் தொடங்கித் தலையின் உச்சியில் முடிந்திருந்தது. அளக்க வேண்டியது தலையின் நீளமான விட்டத்தை மட்டும். காம்பைச் சேர்க்கக் கூடாது. கோலன் விண்டோவில் தலையை மட்டும் அளந்தால் 8 மி.மீ. சாஃப்ட் டிஷ்யூ விண்டோவில் அளந்தால் பாலிப் இன்னும் சிறுத்துத் தெரியும். அது எதிர்ப்பக்கத் தவறு.

இந்த 4 மி.மீ. வித்தியாசம் சிறிதல்ல. சி-ராட்ஸ் முறையில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஒரு பாலிப் இருந்தாலே சி3, கொலோனோஸ்கோபி செய்தாக வேண்டும். 6 முதல் 9 மி.மீ. வரை ஒன்றிரண்டுதான் என்றால் சி2. மூன்று ஆண்டுக்குள் மறுபடி சி.டி. எடுத்துப் பார்க்கலாம், அல்லது விரும்பினால் இப்போதே கொலோனோஸ்கோபியில் பாலிப்பை எடுத்துவிடலாம். அதே அளவில் மூன்று இருந்தால் அதுவும் சி3. 5 மி.மீ. வரை உள்ளவற்றை எழுதுவதே இல்லை. சி.டி.யில் அந்த அளவில் பாலிப்பையும் மலத்துணுக்கையும் நம்பிப் பிரிக்க முடியாது. அவற்றில் புற்றுநோய் இருப்பதும் மிக அரிது.

சீக்கத்து 7 மி.மீ.யின் கதை வேறு. மல்லாந்த படத்தில் பின்சுவரில் இருந்தது, குப்புறப் படுத்த படத்தில் முன்சுவருக்குப் போயிருந்தது. காம்புள்ள பாலிப்பும் இப்படி நகரும் என்பதால் அது மட்டும் போதாது. உள்ளே சிறு காற்றுக்குமிழிகள் தெரிந்தன, அது மலம். ஆனால் மலம் என்றால் வெள்ளையாகத் தெரிந்திருக்க வேண்டுமே? நோயாளியைக் கேட்டபோதுதான் சொன்னார்: பேதி மருந்து குடித்தார், முந்தின நாள் தந்த பேரியத்தையும் அயோடின் திரவத்தையும் குமட்டுகிறது என்று கொட்டிவிட்டார். ‘அது கலர் மருந்துதானே டாக்டர்!’

தவறு நம்முடையது. சி.டி. என்றால் குடல் சுத்தம் வேண்டாம் என்ற நினைப்பு நோயாளிகளிடம் மட்டுமல்ல, அனுப்பும் மருத்துவர்களிடமும் இருக்கிறது. கொலோனோஸ்கோபியில் மிஞ்சிய மலத்தைக் கழுவி உறிஞ்சலாம், பார்த்த பாலிப்பை அங்கேயே எடுத்துவிடலாம். சி.டி.யில் இரண்டும் முடியாது. மயக்கமருந்து இல்லை என்ற சௌகரியத்துக்கு இதுதான் விலை. மிஞ்சுவதை வெண்மையாக்கிக் காட்டுவதற்குத்தான் அந்தத் திரவம். பேதியைக் குறைத்தாலும் குறைக்கலாம், இதை விடக் கூடாது. தேங்கிய நீரில் மூழ்கிய பாலிப்பும் அதனால்தான் தெரிகிறது.

திருத்திய ரிப்போர்ட்: சிக்மாய்டில் காம்புள்ள பாலிப் ஒன்று, தலை 8 மி.மீ., சி2. டேகிங் இல்லை என்பதையும் எழுதினோம். அவர் கொலோனோஸ்கோபியையே தேர்ந்தார். திறந்த ஃபோர்செப்ஸை அருகே வைத்துக் கண்ணளவாக 9 என்றார் எண்டோஸ்கோபிக்காரர். ஃபார்மலினில் சுருங்கிய பிறகு பதாலஜியில் 7. சீக்கத்தில் ஒன்றுமில்லை.