வெள்ளைத் தாளில் ஒரு காயம்

தள்ளி நின்று பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். கோடு இல்லை, ஆள் உருவமும் இல்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் தாள் கீறப்பட்டிருப்பதும் குத்தப்பட்டிருப்பதும் தெரிகிறது. சோம்நாத் ஹோர் 1970களில் சாந்திநிகேதனில் உருவாக்கிய ‘காயங்கள்’ வரிசைப் படங்கள் இவை.

ஹோர் சொல்லத் தெரியாதவர் அல்ல. 1921இல் பிறந்த அவர், 1943 வங்கப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை நேரில் பார்த்து கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காக வரைந்தவர். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடிய தேபாகா குத்தகை விவசாயிகளிடையே 1946இல் போய், படங்களோடு நாட்குறிப்பும் எழுதினார். அந்தப் படங்களில் முகம் இருந்தது, ஊர் இருந்தது, துயரத்துக்குக் காரணமும் இருந்தது.

கால் நூற்றாண்டு கழித்து வங்காளத்தில் மறுபடியும் ரத்தம். கல்கத்தா தெருக்களில் நக்சலைட் மோதல்கள். 1971இல் எல்லைக்கு அப்பால் போர், அலை அலையாக அகதிகள். இம்முறை அவரால் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. லாரிச் சக்கரம் பதிந்த சாலை, கோடரி பட்ட மரம், கத்திக்குத்து வாங்கிய மனிதன் எல்லாமே அவர் கண்ணுக்குக் காயமாகவே தெரிந்தன.

எனவே காயத்தை வரைவதை விட்டு, காயப்படுத்தவே தொடங்கினார். களிமண் பலகையைக் கத்தியால் கீறினார், சூடான கம்பியால் துளைத்தார். அதன் மேல் சிமெண்ட் ஊற்றி அச்சு எடுத்தார். மண்ணில் பள்ளமாக இருந்த கீறல் சிமெண்டில் மேடாக எழும்பும். அந்த மேட்டின் மீது ஈரக் காகிதக் கூழைப் பரப்பி அழுத்திக் காயவிட்டு உரித்தால், தாளில் மறுபடி பள்ளம் விழும். சில படங்களில் மட்டும் லேசாகச் சிவப்பு. இதில் அவசரம் உதவாது. ஈரம் போகுமுன் உரித்தால் கூழ் பிய்ந்துவிடும். காயம் போய்க் கிழிசல்தான் மிஞ்சும். கத்தி வீச்சு ஒரு நொடி, அது தாளாகி வரும்வரை நீண்ட காத்திருப்பு. கோபம் கையை விட்டு இறங்க அந்த வேலையே அவகாசம் தந்தது.

இதில் இழப்பும் உண்டு. யாரை யார் குத்தினார்கள் என்பதைத் தாள் சொல்லாது. பஞ்சப் படம் நீதி கேட்டது; இது கேட்கவில்லை. நேர் வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்தால் பாதிப் பள்ளங்கள் மறைந்துவிடும். புத்தகத்தில் அச்சிட்டால் வெற்றுப் பக்கம்போலத் தோன்றும்.

ஹோர் 2006இல் மறைந்தார். அவருடைய காயங்களைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் கிட்டே போய், தலையைச் சற்றுச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.