கிரீன் டீ கசந்தால் அது மருந்து இல்லை, நீங்க போட்ட விதம் தப்பு!

1) "டாக்டர், கசந்தாதானே உடம்புக்கு நல்லது?" ஓபியில வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேக்குறாங்க. இதுக்காகவே இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க மக்களே.

2) போன மாசம் 43 வயசுல ஒரு அம்மா வந்தாங்க. காலையில எழுந்ததும் குமட்டல், நெஞ்செரிச்சல், நாள் முழுக்க அசதி. ஹீமோகுளோபின் 9.2. ஏற்கனவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுட்டுதான் இருக்காங்க, ஆனாலும் ஏறல.

"காலையில வெறும் வயித்துல என்னம்மா சாப்பிடுறீங்க?"

"கிரீன் டீ சார். ரெண்டு ஸ்பூன் போட்டு அஞ்சு நிமிஷம் நல்லா கொதிக்க விடுவேன். வேப்பெண்ணெய் மாதிரி இருக்கும், மூக்கைப் பிடிச்சுட்டு குடிச்சிடுவேன். மாத்திரையையும் அதுலயே போட்டுக்குவேன்."

3) அந்த அம்மா மேல கோபம் வரல. "கசப்புதான் சத்து"ன்னு வாட்ஸப்புல பரப்புறவங்க மேலதான் கோபம். நிலவேம்பு கசக்குறது அந்தச் செடியோட குணம். அதை எப்படிக் காய்ச்சினாலும் கசக்கும். கிரீன் டீ அப்படி இல்ல. அது நாக்கைச் சுருட்டுற அளவுக்குக் கசந்தா, காரணம் பெரும்பாலும் உங்க அடுப்புதான்.

4) கசப்பு எங்கிருந்து வருது? தேயிலையில மூணு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு, கேட்டச்சின்கள். கசப்பும் துவர்ப்பும் முக்கியமா இதுலதான். ரெண்டு, காஃபின். இதுவும் கசப்பு. மூணு, தியனின்ங்கிற அமினோ அமிலம். கிரீன் டீயோட அந்த இளம் இனிப்பான ருசிக்கு இதுதான் முக்கியக் காரணம்.

தியனின் மிதமான சூட்டுலயே தண்ணியில இறங்கிடும். கேட்டச்சினும் காஃபினும் தண்ணி கொதிநிலையை நெருங்க நெருங்க வேகமா இறங்கும். அதாவது சூடும் நேரமும் கூடக் கூட நீங்க புதுசா சேக்குறது ருசியை இல்ல, கசப்பை மட்டும்தான்.

5) "நம்ம டீயைக் கொதிக்க வச்சுதானே போடுறோம், அது கசக்கலயே?" நியாயமான கேள்வி. சாதா டீத்தூள் செய்யும்போது இலையை நசுக்கி காத்துல விடுறாங்க. அப்போ கேட்டச்சின்ல பெரும்பகுதி வேற பொருளா மாறிடுது. மிச்சம் இருக்கிற துவர்ப்பை பால்ல இருக்கிற புரதம் பிடிச்சு வச்சுக்குது, சர்க்கரை மீதியை மறைச்சிடுது. கிரீன் டீயில இலையைப் பறிச்ச கொஞ்ச நேரத்துலயே ஆவியிலயோ சட்டியிலயோ சூடுபடுத்தி அந்த மாற்றத்தை நிறுத்திடுறாங்க. கேட்டச்சின் முழுசா உள்ளயே இருக்கு, பாலும் இல்ல. அதே கொதியை இதுக்கும் கொடுத்தா எப்படி?

6) சரி, எப்படிப் போடணும்? தெர்மாமீட்டர் வேண்டாம். நமக்கு வேண்டியது சுமார் 80 டிகிரி.

150 மில்லி தண்ணியைக் கொதிக்க வைங்க. அடுப்பை அணைச்சிட்டு, அதுல 50 மில்லி சாதா தண்ணி (குடிக்கிற தண்ணிதான்) ஊத்துங்க. மூணு பங்கு 100 டிகிரி, ஒரு பங்கு 30 டிகிரி: கணக்குப் போட்டா 82 சொச்சம் வரும். கப்புல ஊத்தும்போது இன்னும் ரெண்டு மூணு டிகிரி இறங்கிடும். வேலை முடிஞ்சது.

வீட்டுல டபரா டம்ளர் இருந்தா இன்னும் சுலபம். கொதிச்ச தண்ணியை ரெண்டு மூணு தடவை ஆத்துங்க. ஒவ்வொரு தடவையும் சுமாரா 5லிருந்து 10 டிகிரி குறையும். காபிக்குச் செய்றதை வெறும் தண்ணிக்குச் செய்றீங்க, அவ்ளோதான்.

7) இப்போ இலை. 200 மில்லிக்கு 2 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். தண்ணியை இலை மேல ஊத்தி மூடி வச்சு, கடிகாரம் பாத்து 2 நிமிஷம். உடனே வடிகட்டுங்க. இலை உள்ளயே கிடந்தா நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் கசப்பு ஏறிட்டே இருக்கும்.

டீ பேக்ல பெரும்பாலும் பொடியான துகள்தான் இருக்கும், அது சீக்கிரம் இறங்கிடும். அதுக்கு ஒன்றரை நிமிஷமே போதும். கடைசியில ஸ்பூனை வச்சு பையைப் பிழியாதீங்க. உள்ள தேங்கி நிக்கிற கெட்டிச் சாறுதான் அப்போ வெளிய வருது.

8) சரியா வந்துச்சான்னு எப்படித் தெரியும்? வெளிறின மஞ்சளோ இளம் பச்சையோ இருக்கணும். பழுப்பா இருந்தா சூடோ நேரமோ அதிகம், இல்லன்னா இலை பழசு. கசந்தா அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க. முதல்ல நேரத்தை அரை நிமிஷம் குறைங்க. அப்பவும் கசந்தா தண்ணியை இன்னும் ஒரு தடவை ஆத்துங்க. அப்பவும் கசந்தா இலையைக் குறைங்க. மூணையும் ஒரே நேரத்துல மாத்தினா எது தப்புன்னே தெரியாது.

9) "கொதிக்க வச்சா கேட்டச்சின் அதிகம் இறங்கும்னு நீங்களே சொல்றீங்க, அப்போ அது நல்லதுதானே?"

ஆமா, அதிகம் இறங்கும். ஆனா எதுக்காக? எடை குறையவா? 2012ல காக்ரேன் அமைப்பு கிரீன் டீ ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்துச்சு. கிடைச்ச எடைக் குறைப்பு மருத்துவ ரீதியா பொருட்படுத்துற அளவுக்கு இல்லன்னுதான் முடிவு. இல்லாத பலனுக்காக ஏன் மூக்கைப் பிடிச்சுட்டுக் குடிக்கணும்?

அதிகம்னாலே நல்லதுங்கிற கணக்கும் தப்பு. கிரீன் டீ சாறு மாத்திரைகள்ல இருக்கிற முக்கிய கேட்டச்சின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல போனா கல்லீரல் நொதிகள் உயரலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல எச்சரிச்சது. சாதாரணமா போட்டுக் குடிக்கிற டீக்கு இந்த பயம் வேண்டாம். ஆனா "எவ்ளோ ஏறுதோ அவ்ளோ நல்லது"ன்னு சொல்றவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்ல?

10) அந்த அம்மாவுக்கு நடந்ததும் இதுதான். தேயிலையோட பாலிஃபீனால்கள் இரும்புச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு குடல்ல உறிஞ்ச விடாது. மாத்திரையை டீயிலயே போட்டா பாதி காசு கழிவறைக்குத்தான். வெறும் வயித்துல கெட்டி டீ குடிச்சா பல பேருக்குக் குமட்டும். ரத்தசோகை இருக்கிறவங்க சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு மணி நேரம், இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க.

11) மூலிகை டீக்கு இதே விதியைப் பிடிச்சுக்காதீங்க. சுக்கு, இஞ்சி, மல்லியை நல்லாவே கொதிக்க விடலாம். துளசி, சாமந்திப்பூ டீன்னா கொதிச்ச தண்ணியை ஊத்தி, வாசனை ஓடிடாம மூடி 5 நிமிஷம் வைங்க. ஆனா பாக்கெட்ல "துளசி கிரீன் டீ", "இஞ்சி கிரீன் டீ"ன்னு இருந்தா உள்ள தேயிலை இருக்கு. அப்போ 80 டிகிரி, 2 நிமிஷம்தான்.

12) அந்த அம்மா இப்போ சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு கப் குடிக்கிறாங்க, ஆத்தின தண்ணியில. மாத்திரை காலையில தனியா. குமட்டல் நின்னுடுச்சு. ஹீமோகுளோபின் அடுத்த மாசம் திரும்பப் பாக்கணும். போகும்போது கேட்டாங்க: "சார், இது நல்லாத்தான் இருக்கு. ஆனா கசக்கவே இல்லையே, வேலை செய்யுமா?"

அது டீம்மா. வேலை செய்ய வேண்டியது மாத்திரை.